வெந்நீர் ஏன் தாமதமாக வருகிறது?

சிலமலையில் மார்கழிக் காலையில், மாடியில் சோலார் ஹீட்டர் இருந்தும் குழாயில் முதலில் பச்சைத் தண்ணீர்தான் வரும். ஏன்? இரவு முழுக்கக் குழாயில் தேங்கி ஆறிய நீர் அது. முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால் உள்ளே சுமார் 4 லிட்டர் நிற்கும். நிமிடத்துக்கு 4 லிட்டர் வரும் குழாயில் அது வடியவே ஒரு நிமிடம். குளிர்ந்த குழாய்ச் சுவரும் சூட்டை உறிஞ்சுவதால் இன்னும் தாமதமாகும்.

குழாய்க்கு நுரை உறை போட்டால் அடுத்தடுத்துக் குளிப்பவர்களுக்குச் சூடு நிற்கும். இரவு முழுக்கத் தாங்காது. சுழற்சி பம்ப் ஆறிய நீரைத் தொட்டிக்கே திருப்பிவிடும், நீர் வீணாகாது. ஆனால் நாள் முழுக்க ஓடினால் தொட்டியே ஆறும். குளிக்கும் முன் மட்டும் பொத்தானை அழுத்தி ஓட்டுங்கள். புது வீடென்றால், ஒற்றைக் குளியலறைக்கு அரை அங்குலக் குழாயே போடுங்கள், காத்திருப்பு பாதியாகும்.