பத்து மதிப்பெண்ணில் எவ்வளவு வாசிப்பு?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வில் கொடுக்கக்கூடிய ஒரு சிறு பத்தியை இந்தக் கட்டுரைக்காக எழுதியிருக்கிறேன்.

"விடியற்காலை நான்கு மணிக்கே முருகேசன் கடையில் அடுப்பு எரியும். கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது. முதல் வண்டி ஓட்டுநர்கள் அங்கேதான் தேநீர் குடிப்பார்கள். புறவழிச் சாலை திறந்த மாதத்தில், பத்து லிட்டர் வேண்டாம், நான்கு லிட்டர் போதும் என்று பால்காரரிடம் சொன்னார். வாசலில் கிடந்த இரண்டு பெஞ்சுகளில் ஒன்றை உள்ளே எடுத்து வைத்தார். 'என்னண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?' என்று கேட்டார் பால்காரர். முருகேசன் சாலையைப் பார்த்துச் சிரித்தார்."

வியாபாரம் குறைந்துவிட்டது என்று இதில் எங்கும் எழுதவில்லை. பேருந்து நிறுத்தம், புறவழிச் சாலை, பால், பெஞ்சு ஆகிய நான்கையும் வாசிப்பவர்தான் தன் மனத்தில் கோத்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கோக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் பத்தியைக் கொடுத்து வினாக் கேட்கிறோம். ஆனால் வழக்கமான வினாத்தாள் என்ன கேட்கிறது? கடை எத்தனை மணிக்குத் திறக்கும், எங்கே இருக்கிறது, யார் தேநீர் குடிப்பார்கள் என்று ஒரு மதிப்பெண் வினாக்கள் ஆறு. பிறகு சிந்தனைக்கு என்று இரண்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு. ஆக மொத்தம் பத்து மதிப்பெண்.

முதல் வகையை நேர்வினா என்று வைத்துக்கொள்வோம். விடை பத்தியிலேயே எழுதியிருக்கும், தேடி எடுத்தால் போதும். இரண்டாம் வகை ஊகவினா. எழுதியிருப்பதை வைத்து எழுதாததைச் சொல்ல வேண்டும். மேற்சொன்ன தாளில் நேர்வினாவுக்கு ஆறு மதிப்பெண். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு 35 எடுத்தாலே தேர்ச்சி என்பதை நினைத்துப் பாருங்கள். பத்தியின் பொருள் பிடிபடாத பிள்ளையும் வரிகளைப் பார்த்து எழுதி 60 விழுக்காடு வாங்கிவிடலாம்.

பொருள் பிடிபடாமல் விடை எழுத முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு சோதனை. "பிலிமன் கொரட்டியில் தவுக்கினான்." இதில் பொருளுள்ள சொல் எதுவும் இல்லை, நான் புனைந்தவை. பிலிமன் எங்கே தவுக்கினான்? கொரட்டியில். ஒரு மதிப்பெண் கிடைத்துவிட்டது. வினாவின் சொற்களும் பத்தியின் சொற்களும் ஒன்றாக இருந்தால் கண் மட்டுமே போதும். அதனால் நேர்வினாவையும் வேறு சொற்களில்தான் கேட்க வேண்டும். "முதல் வண்டி ஓட்டுநர்கள் எங்கே தேநீர் குடிப்பார்கள்?" என்பதைவிட "பேருந்தை எடுப்பதற்கு முன் ஓட்டுநர்கள் எங்கே போவார்கள்?" என்பது நல்ல வினா. வாக்கியத்தைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு இது சுலபம். சொல்லைச் சொல்லோடு பொருத்திப் பார்க்கும் பிள்ளை மட்டும் தடுமாறும்.

அதற்காக நேர்வினாவை எடுத்தே விடலாமா என்றால், கூடாது. ஊகவினாவில் தவறிய பிள்ளை எந்த இடத்தில் தவறியது என்று தெரிய வேண்டும். செய்தியையே பிடிக்கவில்லையா, செய்தியைப் பிடித்துக் கோக்கத் தெரியவில்லையா? இரண்டுக்கும் மருந்து வேறு. இங்கிலாந்தில் கேட் கெயின், ஜேன் ஓக்ஹில் ஆகிய இருவரும் இந்த இரண்டாம் வகைப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். சரளமாக வாசிப்பார்கள், ஆனால் சொல்லாததை எட்டிப் பிடிக்க மாட்டார்கள். உலக அறிவு போதாததுதான் காரணமோ என்ற ஐயம் எழுந்தது. அதைத் தீர்க்க, 2001இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 'கான்' என்ற கற்பனைக் கிரகத்தைப் பற்றிய செய்திகளை முதலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே கரடிகளின் ரோமம் நீல நிறம் என்பது போன்ற செய்திகள். பிறகு அவற்றை வைத்துக் கதை சொல்லி வினாக் கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே அறிவு இருந்த நிலையிலும் வாசிப்புப் புரிதல் குறைந்த பிள்ளைகள் குறைவாகவே ஊகித்தார்கள். நேர்வினா, ஊகவினா இரண்டும் இல்லாத தாள் இப்படிப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டாது.

அப்படியானால் என்ன விகிதம்? நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை நாடுகளுக்கிடையே அளக்கும் பேர்ல்ஸ் தேர்வில் நேரடியாகச் சொன்னதைத் தேடி எடுப்பதற்கு 20 விழுக்காடுதான். எளிய ஊகத்துக்கு 30, பல இடங்களை இணைத்து விளக்குவதற்கு 30, மதிப்பிட்டுப் பார்ப்பதற்கு 20. நான்காம் வகுப்புக்கே அப்படி என்றால் எட்டாம் வகுப்பில் நேர்வினாவுக்கு 60 கொடுப்பது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை.

நம் பத்திக்கு நான் போடும் புளூபிரிண்ட் இது. நேர்வினா மூன்று, ஒவ்வொன்றும் ஒரு மதிப்பெண். இரண்டு வாக்கியங்களை மட்டும் இணைக்கும் எளிய ஊகம் ஒன்று, அதற்கும் ஒரு மதிப்பெண்: முதல் வண்டி ஓட்டுநர்களுக்கு இந்தக் கடை ஏன் வசதி? பிறகு இரண்டு மதிப்பெண் ஊகவினா மூன்று. முருகேசன் பாலைக் குறைத்தது ஏன்? பால்காரரும் அவரும் எவ்வளவு பழக்கம் என்று நினைக்கிறாய்? கடைசியில் அவர் சிரித்தபோது மனத்தில் என்ன இருந்தது? இந்த மூன்றிலும் ஒரு மதிப்பெண் முடிவுக்கு, இன்னொன்று அதற்குப் பத்தியிலிருந்து காட்டும் சான்றுக்கு. "நல்ல பழக்கம்" என்று மட்டும் எழுதினால் ஒன்று. அண்ணே என்று கூப்பிடுவதையும் உடம்பை விசாரிப்பதையும் சுட்டினால் இரண்டு. இப்படிப் பிரிக்காவிட்டால் குருட்டாம்போக்கில் எழுதியதும் யோசித்து எழுதியதும் ஒரே மதிப்பெண் வாங்கும். எழுத்துப்பிழைக்கு இதில் மதிப்பெண் குறைக்கக் கூடாது. அளப்பது வாசிப்பை, எழுத்தை அல்ல. பால் எத்தனை லிட்டர் குறைந்தது என்று கேட்பதும் வேண்டாம், அது கழித்தல் கணக்கு.

ஊகவினா எழுதும்போது கை தவறும் இடங்கள் இரண்டு. "முருகேசனுக்கு வியாபாரம் ஏன் குறைந்தது?" என்று கேட்டால், பிள்ளை கண்டுபிடிக்க வேண்டியதை வினாவே சொல்லிவிடுகிறது. "பால்காரருக்கு உண்மைக் காரணம் தெரியுமா?" என்பதில் வேறு சிக்கல். பால் குறைந்த காரணம் பிடிபடாத பிள்ளைக்கு இதுவும் போய்விடும், ஒரே தவறுக்கு இரண்டு தண்டனை. பழக்கத்தைப் பற்றிய வினா அப்படி எதையும் சார்ந்து நிற்கவில்லை. அதனால்தான் அதைச் சேர்த்தேன்.

தாளில் அச்சிட்ட மதிப்பெண்தான் உண்மையான எடை என்றும் நினைத்துவிட வேண்டாம். நாற்பது பேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விடைத்தாள் திருத்துபவர், ஏதோ எழுதியிருக்கிறானே என்று ஊகவினா ஒவ்வொன்றுக்கும் எல்லாருக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறார். ஆறு மதிப்பெண் பகுதியில் எல்லாரும் மூன்று. அந்தப் பகுதி யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்கவில்லை. வகுப்பில் யார் முன்னே, யார் பின்னே என்பதை மீதி நான்கு மதிப்பெண்ணே முடிவு செய்கிறது. ஊகத்துக்கு 60 விழுக்காடு என்று புளூபிரிண்ட்டில் இருந்தும் நடைமுறையில் அதன் எடை சுழியம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விடைக்குறிப்பை இரண்டு ஆசிரியர்களிடம் கொடுத்து, பத்துத் தாள்களைத் தனித்தனியே திருத்தச் சொல்லுங்கள். இருவர் போட்ட மதிப்பெண் எங்கே மோதுகிறதோ அங்கே விடைக்குறிப்பு தெளிவாக இல்லை. எல்லா இடத்திலும் ஒன்று ஒன்று என்று விழுந்திருந்தால் குறிப்பை யாருமே படிக்கவில்லை என்று பொருள்.

அடுத்து வருவது, தாள் அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறதா என்ற சோதனை. மிக எளியது, பத்தியை மறைத்துவிட்டு வினாக்களை மட்டும் வேறு வகுப்புப் பிள்ளைகள் சிலரிடம் கொடுப்பது. "புறவழிச் சாலையால் வரும் நன்மைகள் இரண்டு எழுதுக" என்ற வினா இங்கே மாட்டிக்கொள்ளும், பத்தி இல்லாமலே விடை வந்துவிடும். பார்வைக்கு ஊகவினா, உண்மையில் பொது அறிவு. 1970களில் டுயின்மன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் புழங்கிய ஐந்து பெரிய வாசிப்புத் தேர்வுகளை இப்படிச் சோதித்தார். பத்தியே பாராத பிள்ளைகள், கண்ணை மூடிக் குறித்தால் கிடைப்பதைவிடக் கணிசமாக அதிக விடைகளைச் சரியாகச் சொன்னார்கள். கவனமாகத் தயாரித்து அச்சிட்ட தேர்வுகளிலேயே இந்தக் குறை இருந்தது.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. புறவழிச் சாலை என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை, எவ்வளவு நன்றாக வாசித்தாலும் பாலைக் குறைத்த காரணத்தைச் சொல்ல முடியாது. நெடுஞ்சாலை ஓரத்து ஊர்ப் பிள்ளைக்கும் மலைக் கிராமத்துப் பிள்ளைக்கும் இங்கே நியாயம் ஒன்றாக இல்லை. "ஊருக்குள் வராமல் ஊரைச் சுற்றிச் செல்லும் சாலை" என்று அடிக்குறிப்புக் கொடுத்துவிடலாம். பேருந்துகள் இனி அந்த வழியே போய்விடும், ஓட்டுநர்கள் வரமாட்டார்கள் என்ற படி பிள்ளைக்கே மிச்சமிருக்கும். ஊகத்தின் கடினம் குறையாது, அறிவின் வேலி மட்டும் விலகும்.

தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்குங்கள். மேலே 27 விழுக்காடு, கீழே 27 விழுக்காடு என்று எடுத்துக்கொள்வது ட்ரூமன் கெல்லி 1939இல் முன்வைத்த வழக்கம். நாற்பதில் அது பதினொன்று. ஒரு வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கியவர் மேல் குழுவில் எத்தனை பேர், கீழ்க் குழுவில் எத்தனை பேர் என்று எண்ணி, வித்தியாசத்தைப் பதினொன்றால் வகுக்க வேண்டும். சிரிப்பைப் பற்றிய வினாவில் மேலே மூவர், கீழே ஐவர் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். மூன்றில் ஐந்து போக, பதினொன்றால் வகுத்தால் கழித்தல் 0.18. நன்றாக வாசிப்பவர்கள் தவறுகிறார்கள், வாசிக்கத் தடுமாறுபவர்கள் சரியாக எழுதுகிறார்கள்.

இந்த எண் காரணத்தைச் சொல்லாது, விடைத்தாளில்தான் தேட வேண்டும். விடைக்குறிப்பில் "கவலையை மறைக்கச் சிரித்தார்" என்று ஒரே விடை இருக்கிறது. மேல் குழுப் பிள்ளைகளோ, "பதில் கண்ணெதிரே இருக்கிறது, பால்காரருக்குப் புரியவில்லையே என்று சிரித்தார், அதனால்தான் சாலையைப் பார்த்தார்" என்று எழுதியிருக்கிறார்கள். பத்தி அதற்கும் இடம் கொடுக்கிறது, சான்றும் காட்டியிருக்கிறார்கள். தவறு குறிப்பில் இருக்கிறது. இரண்டு விடையையும் ஏற்று மறுபடி திருத்த வேண்டும். கூடவே அந்தக் குழுவில் மூன்று நான்கு பேரைக் கூப்பிட்டு, "இந்த விடை உனக்கு எப்படித் தோன்றியது, எந்த வரியைப் பார்த்தாய்?" என்று கேட்டால், வாசித்து வந்த விடை எது, வழக்கமாகச் சொல்லிவைக்கும் விடை எது என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும்.

பதினொரு பேர் குழுவில் ஒரே ஒரு பிள்ளை விடையை மாற்றி எழுதியிருந்தால் அந்த எண் 0.09 நகரும். ஒரு வகுப்பின் கணக்கை வைத்து வினாவைத் தூக்கி எறிய முடியாது, எந்தத் தாளை எடுத்து மறுபடி படிக்க வேண்டும் என்பதற்கு அது போதும். அதேபோல ஏழு வரிப் பத்தி ஒன்றை வைத்து ஒரு பிள்ளைக்கு ஊகிக்கும் திறன் இல்லை என்று எழுதிவிடவும் முடியாது. கதைப் பத்தி ஒன்று, செய்தி சொல்லும் பத்தி ஒன்று என்று குறைந்தது இரண்டிலாவது அதே புளூபிரிண்ட்டை வைத்துப் பார்த்த பிறகுதான் அந்தப் பிள்ளையைப் பற்றி எதையும் சொல்ல வேண்டும்.