வெட்டுப்பட்ட வினா: எதை எடுகோளாகக் கொள்ளலாம், எதைக் கேட்க வேண்டும்?

க.பொ.த. (சாதாரண தரம்) – கணிதம்



2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதன் பின்னர், வினாத்தாளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பும் வழக்கம் எங்கும் பரவியது. இன்றும் திருகோணமலை நகரில் நடைபெறும் வகுப்பின் வினாவொன்று கிளிவெட்டியில் உள்ள மாணவரிடம் பெரும்பாலும் படமாகவே வந்து சேருகின்றது. படம் பிடிப்பவரின் கை சற்று விலகினால் ஒரு வரியோ உருவமோ விடுபட்டுப் போகும். அந்த வரியில் வினாவின் நிபந்தனை ஒன்று இருந்தால், மீதியைக் கொண்டு விடை காண முடியுமா? இக்கேள்விக்கு ஓர் உதாரணத்தின் மூலம் விடை காண்போம்.

1. முதலில் செய்ய வேண்டியது

வாட்ஸ்அப் உரையாடலில் நீளமான படமொன்று சிறிய சட்டத்துக்குள் மேலும் கீழும் மறைந்தே தோன்றும். எனவே படத்தைத் தொட்டு முழுமையாகத் திறந்து பாருங்கள். விடுபட்டதாக எண்ணிய வரி அங்கேயே இருக்கலாம்.

திறந்த பின்னரும் பின்வருவனவற்றைக் கண்டால் படம் உண்மையாகவே வெட்டுப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம்: வினா இலக்கம் இல்லை, முதல் வாக்கியம் இடையிலிருந்து தொடங்குகின்றது, "உருவில் காட்டியவாறு" என்று உள்ளது, ஆனால் உரு இல்லை, எங்கும் விளக்கப்படாத ஓர் எழுத்து வினாவில் வருகின்றது.

2. உதாரணம்

படத்தில் தெரியும் பகுதி இதுவாகும்:

"… உருவில் காட்டியவாறு ABC ஒரு முக்கோண வடிவ வயலாகும். B, C ஆகியன நேரான வாய்க்கால் ஒன்றின் ஓரத்தில் உள்ளன. A இலிருந்து அந்த ஓரத்தின் வழியே செல்லும் நேர்கோட்டுக்கு வரைந்த செங்குத்து அதனை D இல் சந்திக்கின்றது. AD = 120 m, AB = 130 m, AC = 150 m.
(அ) BD இன் நீளத்தைக் காண்க.
(ஆ) CD இன் நீளத்தைக் காண்க.
(இ) வயலின் பரப்பளவைக் காண்க."

உரு வெட்டுப்பட்டுள்ளது. முதலில், விடுபட்டது தெரியாமலே செய்யக்கூடிய பகுதிகளைச் செய்துவிடுவோம். ADB, ADC ஆகிய இரண்டும் செங்கோண முக்கோணிகள். பைதகரசின் தேற்றப்படி,

BD² = 130² − 120² = 16 900 − 14 400 = 2500; BD = 50 m
CD² = 150² − 120² = 22 500 − 14 400 = 8100; CD = 90 m

உரு எவ்வாறு இருந்தாலும் இவ்விரு விடைகளும் மாறா. ஆகவே (அ), (ஆ) ஆகியவற்றுக்கு எதனையும் எடுகோளாகக் கொள்ள வேண்டிய தேவை இல்லை.

அடுத்து (இ). பரப்பளவைக் காண்பதற்கு BC தேவை. பெரும்பாலான மாணவர்கள் சிந்திக்காமலே BC = 50 + 90 = 140 m என எழுதுவர். தாளில் முக்கோணி வரையும்போது செங்குத்தை உள்ளே வரைந்து பழகிய கையே அதற்குக் காரணம். ஆனால் D ஆனது B இற்கும் C இற்கும் இடையில் உள்ளது என்று தெரியும் பகுதியில் எங்கும் கூறப்படவில்லை. இரண்டு நிலைகள் உள்ளன.

நிலை 1: D ஆனது B, C ஆகியவற்றுக்கு இடையில் உள்ளது. அப்போது கோணம் ABC கூர்ங்கோணம்.
BC = 90 + 50 = 140 m
பரப்பளவு = ½ × 140 × 120 = 8400 m²

நிலை 2: D ஆனது நீட்டப்பட்ட CB இன் மீது, B இற்கு அப்பால் உள்ளது. அப்போது கோணம் ABC விரிகோணம்.
BC = 90 − 50 = 40 m
பரப்பளவு = ½ × 40 × 120 = 2400 m²

முதலாவது ஏறத்தாழ இரண்டு ஏக்கர் வயல். இரண்டாவது அரை ஏக்கரிலும் சற்றுக் கூடியது. இரண்டும் தரப்பட்ட எல்லா அளவுகளுக்கும் பொருந்துகின்றன. இங்கே "விடை முழுவெண்ணாக வந்தது, ஆகவே சரி" என்று கூறுவதும் பயனற்றது. இரண்டு நிலைகளிலும் முழுவெண்களே கிடைக்கின்றன.

இவ்வாறு நேர்வது ஏன்? ஒரு முக்கோணியை ஒரே விதமாக அமைப்பதற்கு மூன்று பக்கங்கள், அல்லது இரு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும், அல்லது இரு கோணங்களும் ஒரு பக்கமும் போதும் என்பதை ஒருங்கிசைவு பாடத்தில் கற்றுள்ளீர்கள். இங்கும் மூன்று அளவுகள் உள்ளன. ஆனால் அவை இரு பக்கங்களும் ஒரு செங்குத்துயரமும் ஆகும். A ஐ மையமாகக் கொண்டு 130 m ஆரையில் வில்லொன்று வரைந்தால், அது வாய்க்கால் ஓரத்தை D இன் இரு புறங்களிலும் வெட்டும். B அவற்றுள் எது என்பதைக் கூறுவதற்கு இன்னும் ஒரு நிபந்தனை வேண்டும். வெட்டுப்பட்ட உருவில் இருந்தது அதுவே.

3. மீதி வினாவே விடுபட்டதைக் கூறலாம்

உடனே கேட்பதற்கு முன் வினாவின் கடைசிப் பகுதி வரை வாசியுங்கள். மேற்கூறிய வினாவில் பின்வரும் பகுதியும் தெரிந்தது எனக் கொள்வோம்:

"(ஈ) வயலைச் சுற்றி வேலி அடைப்பதற்கு 420 m நீளமான கம்பி தேவை எனக் காட்டுக."

நிலை 1 இல் சுற்றளவு 130 + 150 + 140 = 420 m. நிலை 2 இல் 130 + 150 + 40 = 320 m. ஆகவே வினாவை ஆக்கியவர் கருதியது நிலை 1 ஆகும். இப்போது நாம் ஊகிக்கவில்லை; தரப்பட்ட ஒன்றிலிருந்து பெற்றுள்ளோம். "எனக் காட்டுக", "என நிறுவுக" என முடியும் பகுதிகளில் விடையே தரப்பட்டிருப்பதால், விடுபட்ட நிபந்தனையை மீட்பதற்கு அவை மிகவும் உதவும். எனினும் ஒன்றை மறவாதீர்கள். முழு வினாவில் (ஈ) ஐ நிறுவும்போது 420 ஐத் தொடக்கமாகப் பயன்படுத்தக் கூடாது. உருவிலிருந்து தொடங்கியே 420 ஐ அடைதல் வேண்டும்.

உருவின் ஒரு பகுதி மட்டும் தெரிந்தால், அதில் அச்சிடப்பட்ட குறியீடுகளை மட்டும் நம்புங்கள். செங்கோணக் குறி, சம நீளக் கோடுகள், சமாந்தர அம்புக்குறிகள் ஆகியன தரவுகளாகும். திரையில் கோணமானி வைத்து அளப்பது தவறு. வினாத்தாள் உருக்கள் அளவிடைக்கு வரையப்படாதிருக்கலாம். மேலும், சாய்வாகப் பிடித்த படத்தில் செங்கோணம் செங்கோணமாகவோ வட்டம் வட்டமாகவோ தோன்றாது.

4. கேட்காமலே எடுகோளாகக் கொள்ளத்தக்கவை

விடுபட்ட எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. வட்ட வடிவக் கேணி ஒன்றின் ஆரை 14 m எனத் தரப்பட்டு, π இன் பெறுமானம் கூறும் வரி விடுபட்டுள்ளது எனக் கொள்வோம். 22/7 ஐப் பிரதியிட்டால் பரப்பளவு 616 m². 3.14 ஐப் பிரதியிட்டால் 615.44 m². வேறுபாடு ஒரு சதுர மீற்றரிலும் குறைவு. மேலும் ஆரை 7 இன் மடங்காக இருப்பது 22/7 ஐயே கருதியுள்ளார்கள் என்பதைக் காட்டுகின்றது. எனவே "π = 22/7 எனக் கொள்வோம்" என ஒரு வரி எழுதிவிட்டுத் தொடரலாம்.

நிலம் கிடையானது, கம்பம் நிலைக்குத்தானது என்பனவும் இவ்வாறே. ஏற்றக்கோண வினாக்களில் வேறுவிதமாகக் கூறப்படாதவிடத்து இவை வழமையான எடுகோள்கள்.

இவற்றுக்கும் D இன் நிலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். π இன் பெறுமானத்தை மாற்றினால் விடை சற்றே அசையும். D இன் நிலையை மாற்றினால் 8400 ஆனது 2400 ஆகிவிடும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய சோதனை இதுவே: எடுகோளை மாற்றி இன்னொரு தடவை விடையைக் காணுங்கள். விடை ஏறத்தாழ அவ்வாறே இருந்தால் எடுகோளை எழுதிவிட்டுத் தொடருங்கள். விடை முற்றாக மாறினால் கேட்டறியுங்கள்.

5. எவ்வாறு கேட்பது?

"சேர், இந்தக் கணக்கு விளங்கவில்லை" என்று எழுதினால், ஆசிரியர் பைதகரசின் தேற்றத்தையே மீண்டும் விளக்க நேரிடும். விளங்காதது அதுவன்று. பின்வருமாறு எழுதிப் பாருங்கள்:

"சேர், படத்தில் உரு வெட்டுப்பட்டுள்ளது. BD = 50 m, CD = 90 m எனக் கண்டுவிட்டேன். D என்பது B இற்கும் C இற்கும் இடையிலா, வெளியிலா? இடையில் என்றால் பரப்பளவு 8400 m², வெளியில் என்றால் 2400 m² வருகின்றது."

இதற்கு ஆசிரியர் ஒரே சொல்லில் பதில் அனுப்பலாம். எது விடுபட்டது, எதுவரை செய்தீர்கள், எந்த இரண்டில் ஒன்றை அறிய வேண்டும் என்ற மூன்றும் அதில் உள்ளன.

பதில் வரத் தாமதமானால் கொப்பியில் இரண்டு நிலைகளையும் எழுதி வையுங்கள். ஒன்றை மட்டும் எழுதுவதாயின், "D ஆனது B, C இற்கு இடையில் உள்ளது எனக் கொண்டால்" என்ற வரியை முதலில் எழுதுங்கள். அவ்வரி இருந்தால், எடுகோள் பிழைத்தாலும் எந்த இடத்திலிருந்து திருத்த வேண்டும் என்பது தெரியும். அது இல்லாவிடின், 8400 என்ற விடை ஏன் பிழைத்தது என்பதைக் கண்டறிவதற்கே நேரம் செல்லும்.

எழுதாமல் நிரப்பும் பழக்கம் எவ்வளவு வலியது என்பதற்குப் பிரான்சில் நடந்த ஓர் ஆய்வு சான்றாகும். கிரெனோபிள் நகரின் கணிதக் கற்பித்தல் ஆய்வு நிறுவனம் 1980 ஆம் ஆண்டளவில் ஆரம்ப வகுப்பு மாணவர் 97 பேரிடம், "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவரின் வயது என்ன?" எனக் கேட்டது. 76 பேர் அந்த எண்களைக் கொண்டே வயதைக் கணித்துக் கூறினர். தரவு போதாது என்று கூறுவதும் ஒரு விடை என அவர்களுக்குத் தோன்றவில்லை.

பரீட்சை மண்டபத்தில் அச்சுத் தெளிவில்லாத அல்லது பக்கம் குறைந்த வினாத்தாள் கிடைத்தால் கையை உயர்த்தி மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். வினாவின் கருத்தை அவர் விளக்கமாட்டார்; ஆனால் குறையுள்ள தாளை மாற்றித் தருமாறு அவரிடம் கேட்கலாம்.

பயிற்சி

படத்தில் தெரியும் பகுதி: "ஒரு பையில் ஒரே அளவான 3 சிவப்புப் பந்துகளும் 2 வெள்ளைப் பந்துகளும் உள்ளன. எழுமாறாக ஒரு பந்து எடுக்கப்பட்டு … பின்னர் இன்னொரு பந்து எடுக்கப்படுகின்றது."

(1) விடுபட்ட நிபந்தனை என்னவாக இருக்கலாம்?
(2) முதலாவது பந்து சிவப்பாக இருப்பதன் நிகழ்தகவைக் காண்பதற்கு அந்நிபந்தனை தேவையா?
(3) வினாவின் இறுதியில் "இரண்டும் சிவப்பாக இருப்பதன் நிகழ்தகவு 3/10 எனக் காட்டுக" என இருந்தால், விடுபட்டது யாது?

விடைகள்

(1) முதலாவது பந்து மீண்டும் பையினுள் இடப்பட்டதா, இல்லையா என்பது.
(2) தேவையில்லை. நிகழ்தகவு 3/5.
(3) மீண்டும் இட்டால் 3/5 × 3/5 = 9/25. இடாவிட்டால் 3/5 × 2/4 = 3/10. எனவே பந்து மீண்டும் இடப்படவில்லை.