15.4-ல் நின்றுபோன கூட்டல்

கணினியில் ஒரு சிறு நிரல். ஒன்றில் தொடங்கி, அரை, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அதன் வேலை அவ்வளவுதான். 32 பிட் தசம எண்களைக் கொண்டு இதை ஓடவிட்டால், கூட்டுத்தொகை மெல்ல மெல்ல ஏறி 15.4036-க்கு வந்து நிற்கும். அதன்பின் இன்னும் பல கோடி பின்னங்களைச் சேர்த்தாலும் இம்மியும் நகராது. பார்த்துக்கொண்டிருப்பவர் என்ன நினைப்பார்? முடிவில்லாத இந்தக் கூட்டலின் விடை 15.4 என்றுதான்.

அது தவறு. இந்தக் கூட்டலுக்கு விடை என்று ஓர் எண்ணே கிடையாது. எந்த எண்ணைச் சொன்னாலும் அதையும் ஒருநாள் தாண்டிப் போகும். நின்றது கணினிதான், தொடர் அல்ல. 20,97,152-ஆவது பின்னத்தை எட்டும்போது, சேர்க்க வேண்டிய அளவு மிகவும் சிறுத்துவிடுகிறது. 15-க்குப் பக்கத்தில் 32 பிட் எண் ஒன்று அடுத்த எண்ணுக்குத் தாவ வேண்டிய இடைவெளியில் சரிபாதிதான் அது. பாதியைத் தாண்டாததால் கணினி அதை உதறிவிடுகிறது. அதைவிடச் சிறியவையான அடுத்த பின்னங்களுக்கும் அதே கதிதான். போதாக்குறைக்கு, அந்த இடத்தில் இருக்க வேண்டிய உண்மையான தொகை சுமார் 15.13. வழியெல்லாம் சேர்ந்த சில்லறைப் பிழைகள் அதை 15.4 ஆக்கியிருக்கின்றன.

இதே நிரலில் பின்னங்களின் கீழ் எண்ணை வர்க்கமாக்கினால், அதாவது 1 + 1/4 + 1/9 + 1/16 என்று போனால், கூட்டுத்தொகை 1.6449-க்கு அருகில் அடங்குகிறது. இந்த முறை அடங்குவது உண்மையாகவே தொடர்தான். இரண்டிலும் பின்னங்கள் தேய்ந்து பூஜ்யத்தை நோக்கித்தான் போகின்றன. பிறகு ஏன் ஒன்று அடங்குகிறது, மற்றது அடங்கவில்லை? அடங்கும் தொடரை ஒருங்கும் தொடர் என்றும், அடங்காததை விரியும் தொடர் என்றும் பாடப்புத்தகங்கள் சொல்லும். எது ஒருங்கும், எது விரியும் என்பதைக் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு அந்த 15.4 சாட்சி. வேறு வழி வேண்டும்.

வழி ஒரு படத்தில் இருக்கிறது. வரைபடத் தாளில் 1/x என்ற வளைகோட்டை வரையுங்கள். x ஒன்றாக இருக்கும்போது உயரம் 1; இரண்டில் அரை; மூன்றில் மூன்றில் ஒரு பங்கு. சறுக்குமரம்போல் வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போகும் கோடு. இனி ஓர் அலகு அகலமுள்ள பெட்டிகளை வரிசையாக அடுக்க வேண்டும். 1 முதல் 2 வரை உயரம் 1, 2 முதல் 3 வரை உயரம் 1/2, இப்படியே. அகலம் ஒன்று என்பதால் ஒவ்வொரு பெட்டியின் பரப்பும் அதன் உயரமேதான். ஆகவே பெட்டிகளின் மொத்தப் பரப்புதான் நம் கூட்டுத்தொகை.

ஒவ்வொரு பெட்டியின் இடது மேல்முனை வளைகோட்டைத் தொடுகிறது. கோடு இறங்குமுகமாக இருப்பதால் அது பெட்டிகளின் மூடிக்குக் கீழேயே ஓடும். அப்படியானால் கூட்டுத்தொகை, கோட்டுக்குக் கீழுள்ள பரப்பைவிடக் குறைவாக இருக்கவே முடியாது. இப்போது எல்லாப் பெட்டிகளையும் ஓர் அலகு இடப்பக்கம் தள்ளுங்கள். முதல் பெட்டி 0-க்கும் 1-க்கும் நடுவில் போய் உட்காருகிறது. மற்றவை எல்லாம் வளைகோட்டின் அடியில் அடங்கிவிடுகின்றன. ஆகவே முதல் பெட்டியை விட்டுவிட்டால், மிச்சத் தொகை அந்தப் பரப்பைத் தாண்டாது. கூட்டுத்தொகை இரண்டு பக்கமும் பரப்பால் நெருக்கப்பட்டுவிட்டது. பரப்பு முடிவுள்ளதாக இருந்தால் தொடர் ஒருங்கும். பரப்பு வரம்பின்றி வளர்ந்தால் தொடரும் விரியும். தொகையீட்டுச் சோதனை என்பது இதுதான்.

வலப்பக்கம் எல்லையே இல்லாமல் நீளும் இந்தப் பரப்புக்கு ‘முறையற்ற தொகையீடு’ என்று பெயர். ஏதோ தப்புக்கணக்கு என்று தோன்றவைக்கும் பெயர், அப்படி ஒன்றுமில்லை. ஓர் எல்லைவரை பரப்பைக் கண்டுபிடித்து, அந்த எல்லையைத் தள்ளித் தள்ளி வைத்து என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் அது.

தள்ளிப் பார்க்கலாம். எல்லையைப் பத்துப் பத்து மடங்காக நகர்த்துவது வசதி. 1/x கோட்டுக்குக் கீழே 1 முதல் 10 வரை உள்ள பரப்பு 2.303. பத்து முதல் நூறு வரை? அங்கே அகலம் பத்து மடங்கு. உயரமோ பத்தில் ஒன்று. நீட்டியதும் குறுக்கியதும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. பரப்பு மறுபடியும் 2.303-தான். நூறு முதல் ஆயிரம் வரையிலும் அதே 2.303. ஒவ்வொரு தாவலிலும் அதே அளவு சேர்ந்துகொண்டே இருந்தால் எங்கே அடங்குவது? தொடர் விரிகிறது. ஆனால் வளர்ச்சியோ ஆமை வேகம். கூட்டுத்தொகை 100-ஐத் தாண்ட இத்தகைய தாவல்கள் 43-க்கும் மேல் வேண்டும். அதற்குச் சேர்க்க வேண்டிய பின்னங்களின் எண்ணிக்கையை எழுதினால் 44 இலக்கம் வரும்.

1/x² கோட்டில் நீட்டலுக்குக் குறுக்கல் மிஞ்சிவிடுகிறது. அகலம் பத்து மடங்கானால் உயரம் நூறில் ஒன்றாகிறது. ஆகவே ஒவ்வொரு தாவலிலும் பரப்பு முந்தியதில் பத்தில் ஒரு பங்குதான். 1 முதல் 10 வரை 0.9, அடுத்து 0.09, அதற்கடுத்து 0.009. எல்லாம் சேர்ந்து 0.999… என்று நீண்டு ஒன்றில் முடிகிறது. பரப்பு 1 என்றால், பெட்டிகளின் தொகை 1-க்கும் 2-க்கும் நடுவில் எங்கோ இருந்தாக வேண்டும்.

அப்படியானால் எல்லைக்கோடு அடுக்கு 1-க்கும் 2-க்கும் இடையில் எங்கே? அடுக்கு 1.1 என்று வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு தாவலிலும் பரப்பு 0.794 மடங்காகிறது. சுருக்கம் கொஞ்சம்தான், ஆனாலும் சுருக்கம் சுருக்கம்தானே. முதல் தாவலில் 2.057, எல்லாவற்றையும் கூட்டினால் சரியாக 10. தொடர் ஒருங்குகிறது, அதன் தொகை 10-க்கும் 11-க்கும் நடுவில். அடுக்கை 1.001 ஆக்கினாலும் இதே வாதம் செல்லும். தொகை மட்டும் ஆயிரத்துச் சொச்சமாக இருக்கும். அடுக்கு 1-ஐ விட எவ்வளவு சிறிதளவு கூடினாலும் ஒருங்கும். சரியாக 1 என்றாலோ அதற்குக் குறைந்தாலோ விரியும். அடுக்கு அரையாக இருந்தால் ஒவ்வொரு தாவலிலும் பரப்பு மூன்று மடங்குக்கு மேல் பெருத்துக்கொண்டே போகும்.

கூட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முனைகிறவரின் பாட்டை நினைத்துப் பாருங்கள். அடுக்கு 1.1 உள்ள தொடரில் ஆயிரம் கோடி பின்னங்களைப் பிழையே இல்லாமல் கூட்டி முடித்த பிறகும், இன்னும் சேர வேண்டிய மிச்சம் கிட்டத்தட்ட முழுசாக ஒன்று. அந்த மிச்சத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க, செய்த வேலையைப் போல ஆயிரம் கோடி மடங்கு செய்ய வேண்டும்.

இந்தச் சோதனைக்கு இரண்டு பெயர்கள் சொந்தம் கொண்டாடுகின்றன. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பேராசிரியராக இருந்த காலின் மெக்லாரின் 1742-ல் வெளியிட்ட நுண்கணித நூலில் இது வருகிறது. அடுத்த நூற்றாண்டில் பாரிஸில் கோஷி இதற்கு இறுக்கமான வடிவம் கொடுத்தார். 1 + 1/2 + 1/3 என்று போகும் இசைத் தொடர் விரிகிறது என்பதோ அதைவிடப் பழைய செய்தி. 14-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸின் நிக்கோல் ஓரெம், பின்னங்களை 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்லும் கூட்டங்களாகக் கட்டி, ஒவ்வொரு கூட்டமும் அரைக்குக் குறையாது என்று காட்டிவிட்டார். நாம் பத்து மடங்காகத் தாவியதை அவர் இரண்டு மடங்காகத் தாவினார் என்றும் சொல்லலாம்.

சோதனையின் விடை ‘ஒருங்கும்’, ‘விரியும்’ என்ற ஒற்றைச் சொல்தான். ஆனால் அதே படத்தை வைத்துத் தொகையையும் நெருங்கிப் பிடிக்கலாம். பெரும்பாலும் வகுப்பில் சொல்லாமல் விட்டுவிடும் பகுதி இது. வர்க்கத் தொடரின் முதல் பத்துப் பின்னங்களைத் தாளில் கூட்டினால் 1.54977 வரும். பதினொன்றாவதிலிருந்து முடிவிலிவரை மிச்சம் எவ்வளவு? பெட்டிகளை வலப்பக்கம் வைத்தும் இடப்பக்கம் தள்ளியும் பார்த்தால், மிச்சம் 1/11-க்கும் 1/10-க்கும் நடுவில், அதாவது 0.0909-க்கும் 0.1-க்கும் நடுவில் என்று தெரிகிறது. நடுமதிப்பு 0.09545-ஐச் சேர்த்தால் 1.64522. உண்மை விடை 1.64493. வெறுமனே கூட்டிக்கொண்டே போய் இதே துல்லியத்தைப் பெற ஏறத்தாழ 3,500 பின்னங்கள் வேண்டும்.

அந்த உண்மை விடைக்குப் பின்னால் ஒரு நெடுங்கதை உண்டு. இத்தாலியின் பொலோனா நகரத்துப் பியட்ரோ மெங்கோலி 1650-ல் கேட்ட கேள்வி அது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் யாக்கோப் பெர்னூலி அதோடு மல்லுக்கட்டினார். தொகை 2-க்கு உட்பட்டது என்பது தெரிந்திருந்தும் சரியான மதிப்பு சிக்கவில்லை. அதே பாசலில் பிறந்த ஆய்லர் 1735-ல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தபோது, π²/6 என்று அறிவித்தார். பரப்பு 1, தொகை 1.6449. இரண்டும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தொகையீட்டின் மதிப்பையே தொடரின் தொகை என்று எழுதி மதிப்பெண்ணைப் பறிகொடுக்கும் மாணவர்கள் எல்லா ஆண்டும் இருப்பார்கள்.

இன்னொரு வழுக்கல், கோடு இறங்குமுகமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மறப்பது. முழு எண்களில் எல்லாம் தரையைத் தொட்டு, இடையிடையே மேடு கட்டும் அலை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள், sin²(πx) அப்படிப்பட்டது. முழு எண்களில் அதன் உயரங்களைக் கூட்டினால் பூஜ்யம். அடியிலுள்ள பரப்போ ஒவ்வொரு மேட்டுக்கும் அரை அரையாகச் சேர்ந்து வரம்பின்றிப் போகும். பெட்டிகளின் மூடி கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று சொல்ல முடியாத இடத்தில் சோதனைக்கு வேலையில்லை. தொடக்கத்தில் கோடு கொஞ்சம் ஏறி இறங்கினால் பரவாயில்லை. ஓர் இடத்துக்குப் பிறகு இறங்கிக்கொண்டே போனால் போதும்.

அடுக்கு 3 என்றால் சோதனை ஒரே வரியில் முடிந்துவிடும். பரப்பு அரை, ஆகவே தொடர் ஒருங்கும், தொகை 0.5-க்கும் 1.5-க்கும் நடுவில். முன்போலவே மிச்சத்தை நெருக்கிப் பிடித்தால் 1.202 என்று தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அது என்ன எண்? 2, 4, 6 போன்ற இரட்டைப்படை அடுக்குகளுக்கெல்லாம் π-ஐ வைத்து விடை எழுதிய ஆய்லருக்கே இது அகப்படவில்லை. 1978-ல் பிரான்ஸின் ரோஜர் அப்பேரி அது விகிதமுறா எண் என்று நிறுவினார். π²/6 போன்ற கச்சிதமான வடிவம் எதுவும் அதற்கு இன்றுவரை கிடைக்கவில்லை.