முப்பதில் ஏழு பீஸ்

என் அக்கா மகள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வார்ப்பிரும்பு பம்ப் மூடிகளைக் கடைந்து துளையிடும் ஒரு தொழிற்சாலையில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க, ஆங்கிலத்தில் ஒரு கவர் லெட்டர் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். உற்பத்திப் பிரிவில் பல வருஷம் இருந்தவன் என்பதால் இப்படிப்பட்ட கடிதங்களை நிறையப் படித்திருக்கிறேன். முதல் பத்தியில் நிறுவனத்தின் பெருமை, அடுத்ததில் தன் கடின உழைப்பு. நடுவில் ஒரே வரி: “கல்லூரியில் டிரில் ஜிக் வடிவமைத்துத் தயாரித்தோம்.”

“அந்த ஜிக் சரியா வேலை செஞ்சுதா?” என்று கேட்டேன்.

“முதல்ல இல்லை மாமா. முப்பது பீஸ் போட்டதுல ஏழு ரிஜெக்ட்.”

“அதை ஏன் எழுதலை?”

“தோத்ததை யாராவது எழுதுவாங்களா?”

கடிதத்துக்கு வேண்டிய விஷயமே அதுதான். ஜிக் என்பது பொருளை ஒரே இடத்தில் உட்காரவைத்து, ட்ரில் இறங்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும் கருவி. தகட்டை ஒரு பட்டையோடு ஒட்டித் தள்ளி வைப்பார்கள். ட்ரில் ஒரு எஃகு புஷ் வழியாக இறங்கும். இவர்கள் ஜிக்கில் தகட்டின் ஓரத்திலிருந்து துளையின் மையம் 20 மி.மீ. இருக்க வேண்டும், 0.1 மி.மீ. கூடலாம், குறையலாம். துளைக்குள் இறுக்கமான பின் ஒன்றைச் செருகி, தகட்டின் ஓரத்திலிருந்து பின்னின் மறுபக்கம் வரை வெர்னியரில் அளந்து, பின்னின் விட்டத்தில் பாதியைக் கழித்திருக்கிறார்கள்.

அளவு தப்பிய ஏழிலும் தூரம் குறைவு. ஒன்றில்கூட அதிகமில்லை. இதைக் கவனித்தது அவள்தான். புஷ் தேய்ந்திருந்தால் ட்ரில் இரண்டு பக்கமும் அலைந்திருக்கும். ஒரே பக்கம் தப்புகிறதென்றால் தகடு பட்டையைத் தொடாமல் தள்ளி நிற்கிறது. தேடிப் பார்த்தபோது தகட்டுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புத் துருவல் சிக்கியிருந்தது. கால் மி.மீ. துருவல் இருந்தால் துளை 19.75-இல் விழும். நீளப் பட்டையை எடுத்துவிட்டு இரண்டு உருளைப் பின்களை வைத்தார்கள். பின்னில் தகடு ஒரு கோட்டளவுதான் தொடும், துருவல் தங்க இடமில்லை. அடுத்த முப்பதில் ஒன்றே ஒன்றுதான் தப்பியது.

கடிதத்தின் நடுப்பத்தியை இதை வைத்தே திருப்பி எழுதினாள். முதலில் “பிழையை 86 சதவீதம் குறைத்தோம்” என்று போட்டிருந்தாள். கணக்கு சரிதான், ஆனால் முப்பது பீஸை வைத்துக்கொண்டு சதவீதம் பேசினால் உற்பத்தி மேலாளர் அங்கேயே நிறுத்திவிடுவார். ஏழு ஒன்றானது என்று எழுதினால் நம்புவார். நான்கு பேர் செய்த ப்ராஜெக்ட் என்பதால் அளந்ததும் பின் வைக்கச் சொன்னதும் மட்டுமே தன் பங்கு என்றும் சேர்க்கச் சொன்னேன்.

அந்த வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதுதான் அடுத்தது. விளம்பரத்தில், ஃபிக்ஸ்சர்களைச் சரிபார்ப்பதும் முதல் பீஸை அளந்து பதிவதும் இன்டர்னின் வேலை என்று இருந்தது. “என் ப்ராஜெக்ட் இதற்குப் பொருத்தமானது” என்று எழுதினால் போதாது. எது ஒத்துப்போகிறது, எது போகவில்லை என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். யோசித்து இப்படி எழுதினாள்: “நாங்கள் துளையிட்டது மைல்டு ஸ்டீல், துருவல் சுருளாக வரும். உங்கள் வார்ப்பிரும்பில் அது பொடியாக உதிரும். எங்கள் இரண்டு பின் யோசனை அங்கே போதுமா என்று எனக்குத் தெரியாது. உங்கள் ஃபிக்ஸ்சரில் பீஸ் உட்காரும் இடத்தை எப்படிச் சுத்தமாக வைக்கிறீர்கள் என்று பார்க்கவும், முதல் பீஸ் அளவுகளைப் பதிந்து தப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனிக்கவும் விரும்புகிறேன்.”

கடைசியில் எந்தத் தேதியிலிருந்து வர முடியும், கல்லூரியின் அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது என்று இரண்டு வரி. மொத்தம் ஒரு பக்கத்துக்குள் முடிந்தது. நிறுவனத்தின் பெருமை தானாகவே போய்விட்டது.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேலாளர் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு, “இரண்டாவது தடவை தப்பின அந்த ஒண்ணு ஏன்?” என்றுதான் ஆரம்பித்தாராம். அந்தத் தகட்டை அவள் பையிலேயே கொண்டுபோயிருந்தாள்.

“அது மட்டும் தூரம் அதிகம் சார், 20.14. துருவல்னா குறைஞ்சிருக்கணும். காரணம் கண்டுபிடிக்கலை.”

அவர் தகட்டை வாங்கித் துளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“புஷ்ஷை மாத்திப் பாத்தீங்களா?”

“இல்லை சார்.”

“ஜூன் ரெண்டாம் தேதி வந்துடும்மா. புஷ் எப்படித் தேயும்னு காட்டறேன்.”