இனி நீங்கள் யாருக்குக் கீழே?

2013 ஜூலை 11-ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் ஊழியர்கள் எல்லோருக்கும் அவர்களின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வேலை பார்த்த நிறுவனம் அது. ஒரே நிறுவனமாக, ஒரே உத்தியுடன் இனி இயங்கப்போகிறோம் என்று கடிதம் ஆரம்பித்தது. நீளமான கடிதம். படித்தவர்களில் பெரும்பாலோர் முன்பாதியைத் தாண்டிவிட்டு நேரே கீழே போயிருப்பார்கள். யார் யாருக்குக் கீழே என்கிற சங்கதி அங்கேதான் இருந்தது.

இந்த மாதிரி 'ரீ-ஆர்க்' கடிதம் இன்று சென்னை, கோவை ஐ.டி. அலுவலகங்களிலும் அடிக்கடி வருகிறது. அதை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ள பால்மரின் கடிதம் நல்ல பாடம். அன்றே பொதுவெளியில் வெளியானது. அதற்குப் பின் என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும்.

அதுவரை மைக்ரோசாஃப்ட் தயாரிப்பு வாரியாகப் பிரிந்திருந்தது. விண்டோஸ் ஒரு பிரிவு, ஆஃபீஸ் ஒரு பிரிவு, சர்வர் ஒரு பிரிவு, விளையாட்டுக் கருவியான எக்ஸ்பாக்ஸ் இன்னொரு பிரிவில். ஒவ்வொன்றுக்கும் தனி விளம்பர ஆட்கள், தனிக் கணக்கு வழக்கு, தனி லாப நஷ்டம். ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு. பால்மர் அந்த அடுப்புகளை எடுத்துவிட்டு, வேலையின் தன்மைப்படி ஆட்களை அடுக்கினார். இயங்குதளம் எழுதுகிறவர்கள் எல்லோரும் டெர்ரி மயர்சனிடம். கருவி செய்கிறவர்களும் விளையாட்டு, இசை, வீடியோ பார்க்கிறவர்களும் ஜூலி லார்சன்-கிரீனிடம். பயன்பாட்டு மென்பொருள்கள் கி லூவிடம். சர்வர், கிளவுட் வேலை, பின்னாளில் தலைமை நிர்வாகியான சத்யா நாதெல்லாவிடம். விளம்பரம் டாமி ரெல்லரிடம், தயாரிப்புக் குழுக்களின் நிதி ஏமி ஹுட்டிடம்.

காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஒரு பொருளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கோடுகளின் மேலே நடந்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும். எக்ஸ்பாக்ஸையே எடுத்துக்கொள்வோம். அந்த நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் ஒன் கடைக்கு வரவேண்டும். நான்கு மாதம்தான் இருக்கிறது. அந்தப் பிரிவை நடத்தி வந்த டான் மேட்ரிக், கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்புதான் ஸிங்கா நிறுவனத்துக்குப் போவதாக அறிவிப்பு வந்திருந்தது. இப்போது பெட்டியும் விளையாட்டுகளும் லார்சன்-கிரீனிடம். பெட்டிக்குள் ஓடும் இயங்குதளம் மயர்சனிடம். விளம்பரம் ரெல்லரிடம். பணம் ஹுட்டிடம். எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் பொறுப்பான ஓர் ஆளைத் தேடி மேலே ஏறிக்கொண்டே போனால், இந்த நால்வரும் சேரும் இடம் பால்மரின் நாற்காலிதான்.

கடிதம் இதைச் சொல்லவில்லை. எந்த ரீ-ஆர்க் கடிதமும் சொல்லாது. யாருக்கு என்ன கிடைத்தது என்றுதான் அது பட்டியல் போடும். எந்த வேலை எத்தனை துண்டாகப் போனது என்பதைப் படிப்பவர்தான் கூட்டிப் பார்க்கவேண்டும்.

அடுத்து, 'டாட்டட் லைன்' என்கிற புள்ளிக்கோடு. நிறுவன வரைபடத்தில் முழுக்கோடு போகிற இடத்தில் இருப்பவர்தான் உங்கள் மேனேஜர். விடுப்பு, சம்பள உயர்வு, வருடாந்திர மதிப்பீடு எல்லாம் அவர் கையில். புள்ளிக்கோடு போகிற இடத்தில் இருப்பவருக்கும் நீங்கள் பதில் சொல்லவேண்டும், ஆனால் உங்கள் சம்பளத்தில் அவருக்குக் கை கிடையாது. இரண்டு பேரும் ஒரே நாளில் இரண்டு வேலை கொடுத்தால் எது முதலில் முடியும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

பால்மரின் கடிதத்தில் இந்தப் புள்ளிக்கோடுகள் வெளிப்படையாகவே இருந்தன. டைனமிக்ஸ் என்ற வணிக மென்பொருள் பிரிவு அப்படியே தனியாக நீடித்தது. ஆனால் அதன் தயாரிப்புத் தலைவர்கள் கி லூவுக்கும், விளம்பரத் தலைவர் ரெல்லருக்கும், விற்பனைத் தலைவர் தலைமைச் செயல்பாட்டு அதிகாரியின் குழுவுக்கும் புள்ளிக்கோட்டில் பதில் சொல்லவேண்டும். விற்பனைப் பிரிவின் நிதி ஆட்கள் விற்பனையைப் பார்க்கும் கெவின் டர்னருக்கு முழுக்கோட்டிலும், ஹுட்டுக்குப் புள்ளிக்கோட்டிலும். நிதியை மையப்படுத்துகிறோம் என்று சொல்லும் அதே கடிதத்தில் இப்படி ஒரு விலக்கு. அவர்கள் பல நாடுகளில் சிதறி இருக்கிறார்கள் என்பது கொடுத்த காரணம். என் கணக்கில், ஒரு மறுசீரமைப்பு எங்கே தயங்கியது, யாருடைய எல்லையைத் தொடவில்லை என்பதை அறியப் புள்ளிக்கோடுகளைத் தேடினால் போதும்.

கடிதம் தொடாத இன்னொன்று மதிப்பீட்டு முறை. அப்போது மைக்ரோசாஃப்டில் ஊழியர்களை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்தார்கள். ஒவ்வொரு தரத்திலும் இத்தனை பேர்தான் என்று முன்பே பங்கு வகுத்துவிடுவார்கள். டீமில் எல்லோரும் நன்றாக உழைத்தாலும் யாராவது ஒருவர் கடைசித் தரத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும். பக்கத்து இருக்கைக்காரருக்கு உதவினால் நம் தரம் இறங்கலாம் என்ற கணக்கு ஓடும் இடத்தில், எல்லோரும் ஒன்றாக வேலை செய்வோம் என்று ஜூலையில் கடிதம் போனது. அந்த முறையைக் கைவிடுவதாக மனிதவளத் தலைவர் லிசா பிரமெல் அறிவித்தது நவம்பரில். நடுவே இருந்த நான்கு மாதமும் புது மேனேஜர், பழைய தராசு. ரிப்போர்ட்டிங் மாறும் கடிதம் வந்தால் ஊழியர் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்: இந்த வருட மதிப்பீட்டை எழுதப்போவது பழையவரா, புதியவரா? பழையவர் எழுதுவதானால், அவர் கிளம்பும் முன்பே செய்த வேலையை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. என்னை வந்து ஆறு வாரமே ஆன ஒருவர் மதிப்பிட்டார் என்ற புலம்பலைக் கேட்காத அலுவலகம் உண்டா?

பால்மர் அந்த ஆகஸ்ட் 23-ஆம் தேதியே, இன்னும் பன்னிரண்டு மாதத்துக்குள் ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டார். கோடுகளைப் போட்டு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. நால்வரும் சேரும் அந்த நாற்காலியே காலியாகப்போகிறது. 2014 பிப்ரவரியில் நாதெல்லா அதில் உட்கார்ந்தார்.

மார்ச் 31-இல் அவர் அனுப்பிய கடிதம் எக்ஸ்பாக்ஸ் துண்டுகளில் பெரும்பாலானவற்றைத் திரும்ப ஒட்டியது. எக்ஸ்பாக்ஸ், அதன் இணையச் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவ், விளையாட்டு ஸ்டுடியோக்கள் மூன்றும் ஃபில் ஸ்பென்சர் என்ற ஒரே ஆளிடம் வந்தன. ஸ்பென்சர், இயங்குதளத்தைக் கையில் வைத்திருந்த மயர்சனுக்குக் கீழே. பதவிப்பெயர் மாற்றம் போலத் தெரிந்தாலும், நான்கு வாசல் தட்டவேண்டிய கேள்விகளுக்கு இப்போது கேட்க ஓர் இடம் இருந்தது.

அப்படி ஒரு கேள்வி உடனே காத்திருந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர். கினெக்ட் கேமராவும் சேர்த்துத்தான் வாங்கவேண்டும். போட்டியாளரான சோனியின் பிளேஸ்டேஷன் 4 நூறு டாலர் குறைவு. கினெக்டைக் கழற்றினால் விலையைக் குறைக்கலாம். ஆனால் அது கருவியைத் தொடும். கினெக்டுக்காக ஒதுக்கிய செயல்திறன் இயங்குதளத்தில் இருக்கிறது. கினெக்டை நம்பிய விளையாட்டுகள் இருக்கின்றன. விளம்பரம், வரவு செலவு இரண்டும் மாறும். ஸ்பென்சர் பொறுப்பேற்ற ஆறு வாரத்தில், மே 13-ஆம் தேதி, கினெக்ட் இல்லாத 399 டாலர் பெட்டி அறிவிக்கப்பட்டது. ஒதுக்கி வைத்திருந்த செயல்திறனில் ஒரு பங்கை அடுத்த மாதமே விளையாட்டு எழுதுபவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். கோடு மாறியதால்தான் இது நடந்தது என்று அடித்துச் சொல்லமாட்டேன். விற்பனையில் பின்தங்கிய நெருக்கடியும் இருந்தது.

அதன் பிறகும் எக்ஸ்பாக்ஸ் மூன்று வருடம் விண்டோஸ்காரருக்குக் கீழேதான் இருந்தது. 2017 செப்டம்பரில் ஸ்பென்சரின் கோடு மயர்சனைத் தாண்டி நேரே நாதெல்லாவுக்குப் போனது. அடுத்த மார்ச்சில் வந்த இன்னொரு கடிதத்தில் விண்டோஸே இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. மயர்சன் நிறுவனத்தை விட்டு வெளியேறினார்.