புறப்படும் விமானத்தின் மூக்கு ஏன் இடப்பக்கம் திரும்புகிறது?

செஸ்னா 172 விமானத்தின் புரொப்பெல்லர், விமானியின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்முறுக்கு விமானத்தை இடப்பக்கம் சாய்க்க முயல்கிறது. ஓடுபாதையில் இடச் சக்கரம் கூடுதலாக அழுந்தி, உராய்வு மிகுந்து, மூக்கு இடப்புறம் திரும்புகிறது.

புரொப்பெல்லர் பின்னே தள்ளும் காற்று திருகுபோல் உடலைச் சுற்றிச் சென்று, வால் செங்குத்துத் தகட்டின் இடப்பக்கத்தில் மோதுகிறது. வால் வலப்புறம் தள்ளப்பட, மூக்கு மேலும் இடப்புறம் போகிறது. எஞ்சின் முழுவிசையிலும் வேகம் குறைவாகவும் இருக்கும்போது இது மிகக் கடுமையாகும்.

மூக்கை உயர்த்தி ஏறும்போது, கீழிறங்கும் வலப்பக்க அலகு காற்றைக் கூடுதல் கோணத்தில் வெட்டி அதிகம் இழுக்கிறது. இதுவும் மூக்கை இடப்புறமே திருப்புகிறது.

எனவே விமானி வலக்கால் மிதியை அழுத்தி, வாலிலுள்ள சுக்கானைத் திருப்புகிறார். ஏறும்போது கருவிப்பலகையிலுள்ள குண்டு வலப்புறம் விலகினால் அழுத்தம் போதவில்லை. நடுவில் நின்றால் சரி. வேகம் கூடி, விசை குறைந்ததும் காலைத் தளர்த்தலாம்.