விருது வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷ நன்றி உரை இப்படித்தான் இருக்கணும்!

சிங்கப்பெருமாள் கோவில்ல உங்க தெருவுல பொங்கல் விழா. ஒரகடத்துல ஷிஃப்ட் பார்த்துக்கிட்டே ரத்ததான முகாம் நடத்தின உங்களுக்கு விருது. ஷீல்டைக் கொடுத்த கையோடு மைக்கையும் நீட்டுவாங்க. அப்போ பெரும்பாலானவங்க சொல்றது, "எனக்கு இதுக்கெல்லாம் தகுதியே இல்லீங்க." பணிவுனு நினைச்சுத்தான் சொல்றோம். ஆனா, உங்களைத் தேர்ந்தெடுத்தவங்க முடிவே தப்புங்கிற மாதிரி ஆகிடும்!

வேற எப்படிப் பணிவைக் காட்டுறது? 2021 அக்டோபர் 25-ம் தேதி டெல்லியில தாதாசாகேப் பால்கே விருது வாங்கினப்போ ரஜினிகாந்த் பேசினதைப் பாருங்க. குரு பாலசந்தர், அண்ணன் சத்யநாராயண ராவ் ஆகியோரோடு, ராஜ் பகதூர்ங்கிற நண்பருக்கும் விருதை சமர்ப்பிச்சார். அந்த நண்பர் ஒரு பஸ் டிரைவர். கண்டக்டரா இருந்த தன்கிட்ட நடிப்பு இருக்குனு கண்டுபிடிச்சு, சினிமாவுக்குப் போகச் சொன்னவர் அவர்தான்னு மேடையிலேயே சொன்னார். தன்னைத் தாழ்த்திக்கவே இல்லை. யாரு, என்ன செஞ்சாங்கனு சொன்னார். அவ்ளோதான்.

அதையே நம்ம தெரு விழாவுக்குக் கொண்டு வந்தா இப்படி வரும்:

"மேடையில இருக்கிறவங்களுக்கும் எதிர்ல இருக்கிறவங்களுக்கும் வணக்கம். இந்த விருதுக்கு ரொம்ப நன்றி. முகாம் நோட்டீஸ்ல என் பேர் இருந்துச்சு. ஆனா, நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து பந்தல் கட்டினது என் ரூம்மேட்ஸ். வந்தவங்களுக்கெல்லாம் காசு வாங்காம டீ கொடுத்தது முனைக்கடை அண்ணன். வெளியூர்ல இருந்து வந்த எங்களை நம்பி ரத்தம் கொடுத்தது இந்தத் தெரு. இது அவங்களுக்கும் சேர்ந்த விருது. அடுத்த முகாம்லயும் வேலை செய்ய வருவேன். நன்றி."

நிதானமா பேசினாலும் ஒரு நிமிஷத்தைத் தாண்டாது. முதல் வரியிலேயே எல்லாருக்கும் வணக்கம் சொல்லியாச்சு. தலைவர், செயலாளர், பொருளாளர்னு பட்டியல் போட வேண்டாம். பட்டியல்னு ஆரம்பிச்சா யாராவது ஒருத்தர் விட்டுப்போவார், அவர் முன்வரிசையிலதான் உட்கார்ந்திருப்பார்!

மனப்பாடம் பண்றப்போ முழுசையும் உருப்போடாதீங்க. முதல் வரியும் கடைசி ரெண்டு வரியும் மட்டும் அட்சரம் பிசகாம வரட்டும். நடுவுல பந்தல், டீ, தெருனு மூணு காட்சியை வரிசையா மனசுல ஓட்டுங்க. வார்த்தை தானா வரும். கண்ணாடி முன்னாடி பேசுறதைவிட, கம்பெனி பஸ்ஸுக்கு நடந்துக்கிட்டே சத்தமா சொல்லிப் பாருங்க. எந்த இடத்துல ஒவ்வொரு தடவையும் தடுமாறுறீங்களோ, அந்த வாக்கியம் நீளம்னு அர்த்தம். ரெண்டா உடைச்சிடுங்க.

மேடையில திடீர்னு மறந்துபோச்சா? மொபைலை எடுத்துத் தேடாதீங்க. நேரா "அடுத்த முகாம்லயும்..." வரிக்குத் தாவிடுங்க. நடுவுல என்ன விட்டுப்போச்சுனு உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. டீக்கடை அண்ணனை விட்டுட்டா மட்டும், கீழே இறங்கினதும் போய் ஷீல்டை அவர் கையில கொடுத்து ஒரு செல்ஃபி எடுத்துடுங்க.